கூட்டினால் எட்டு

கணவனின் அண்ணனுக்கு அவள் வைத்த பெயர் 'கூட்டல்'. அவருடைய முகத்துக்கு நேரே 'மாமா' என்றுதான் கூப்பிடுவாள். லாரிகளை எடைபோடும் நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் எண்களை எழுதி ஓய்வு பெற்றவர். கண்ணில் எந்த எண் பட்டாலும் உதடு தானாக அசையும். பஸ் எண், மருந்துச் சீட்டு எண், செருப்பு அளவு, எதையும் விடமாட்டார். கூட்டி, வந்ததை மறுபடி கூட்டி, ஒற்றை இலக்கம் ஆகும்வரை அந்த மனுஷனுக்கு மூச்சு சீராகாது.

அவளுடைய கணவன் கடைசல் பட்டறையில் இயந்திரம் ஓட்டியவன். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் மூன்று வருடம். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவான். அன்று பூராவும் பிழிந்துபோட்ட துணி மாதிரிக் கிடப்பான். அவள் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். உள்ளே போகும்போது போனை வாசலிலேயே வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள்.

சிறுநீரகத்தில் ஒன்றைத் தர அவள் தயாராகத்தான் இருந்தாள். ரத்த வகை ஒத்துவரவில்லை. அடுத்து கூட்டல் தானாகவே போய்ச் சோதித்துக்கொண்டார். திரும்பி வந்து தம்பியின் கையைப் பிடித்து, "எனக்கும் சேரலைப்பா, நான் குடுத்துவைக்கலை" என்று விம்மினார். தம்பியும் சேர்ந்து அழுதான்.

ஆனால் அடுத்த வாரம் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணனோடது எல்லாம் நல்லாப் பொருந்துதும்மா. அவருக்கு இஷ்டம் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டார். கட்டாயப்படுத்த முடியாது. நோயாளிகிட்ட பொருந்தலைன்னு மட்டும்தான் சொல்வோம்."

அவள் கூட்டலைப் படிக்கட்டில் மடக்கினாள்.

"ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க?"

அவர் மறுக்கவில்லை. "நான் பிறந்தது இருபத்தாறு. ரெண்டும் ஆறும் எட்டு. சனி. அவன் பதினெட்டு. ஒண்ணும் எட்டும் ஒன்பது. செவ்வாய். சனியும் செவ்வாயும் ஜென்மப் பகை. என் உறுப்பை அவன் உடம்புக்குள்ள வச்சா ரெண்டும் அடிச்சுக்கும். கொன்னுடும்மா அவனை."

"உங்களுக்கு பயம். அதைச் சொல்லுங்க."

கூட்டல் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். "அவன்கிட்ட சொல்லிடாதே. எனக்கு அவனை விட்டா யாரு இருக்கா?"

அவள் சொல்லவில்லை. நோயாளிக்கு அண்ணன்மேல் இருந்த பாசம் ஒன்றுதான் தெம்பாக இருந்தது. அதிலும் மண்ணைப் போட அவளுக்கு மனம் வரவில்லை. இறந்தவர்களிடமிருந்து வரும் உறுப்புக்கான பட்டியலில் கணவனின் பெயர் ஏறியது. தொடர்புக்கு இரண்டு எண்கள் கேட்டார்கள். அவளுடைய போன் பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் என்பதால், கணவனின் எண்ணையும் கூட்டலின் எண்ணையும் கொடுத்தார்கள்.

அதிலிருந்து கூட்டலுக்குத் தம்பி வீடே கதியானது. கொடுக்காத சிறுநீரகத்துக்குப் பதிலாக வேறு எதையாவது கொடுத்துத் தீர்க்க வேண்டும் போல ஒரு வெறி. முதலில் கதவு எண்ணில் கை வைத்தார். அவர்கள் குடியிருந்தது மூன்றாம் மாடி, 305.

"மூணும் அஞ்சும் எட்டு. சைபருக்கு மதிப்பு கிடையாது. கட்டடத்தோட நம்பரைப் பார்க்கக்கூடாது, அது எல்லாருக்கும் பொது. நம்ம கதவுல என்ன இருக்கோ அதுதான் நம்ம அதிர்வு. எட்டு இழுத்தடிக்கும். எதையும் சட்டுனு தராது. நோயாளி இருக்கிற வீட்டுக்கு ஆகவே ஆகாது."

"அதுக்காக வீடு மாத்தறதா?" என்றாள்.

"எதுக்கு? ஒரு எழுத்தைச் சேர்த்தா போச்சு. ஆங்கில 'ஏ'வுக்கு மதிப்பு ஒண்ணு. 'பி'க்கு ரெண்டு, 'சி'க்கு மூணு. நமக்கு ஒண்ணு போதும். எட்டும் ஒண்ணும் ஒன்பது, அவனோட சொந்த நம்பர்."

பித்தளையில் ஒரு 'ஏ' வாங்கிவந்து ஒட்டினார். எதிர்வீட்டுக்காரர், "அப்போ 'பி' எங்கே இருக்கு, பாத்ரூமா?" என்று கேட்டதற்கு அவளே சிரித்துவிட்டாள். ஒரு எழுத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று அப்போது தோன்றியது.

அடுத்து கைபேசி. கூட்டல் ஒரு பழைய நோட்டை விரித்து, தம்பியின் எண்ணை இலக்கம் இலக்கமாக எழுதினார். அந்த நாட்டில் கைபேசிக்கு எட்டு இலக்கம்தான். 5, 0, 4, 7, 1, 6, 3, 9.

"நாட்டுக் குறியீட்டை விட்டுடணும், அது ஊருக்கே உள்ளது. அஞ்சும் நாலும் ஒன்பது. ஏழு சேர்ந்தா பதினாறு. ஒண்ணு, பதினேழு. ஆறு, இருபத்திமூணு. மூணு, இருபத்தாறு. ஒன்பது, முப்பத்தஞ்சு. மூணும் அஞ்சும்?"

"எட்டு" என்றான் கணவன்.

"பார்த்தியா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை இதைக் காதுல வச்சுப் பேசறே! வீட்டு நம்பராவது சுவத்துல இருக்கும், இது உடம்போட ஒட்டிக்கிட்டே திரியும். உன் பிறவி எண் ஒன்பது. தேதி, மாசம், வருஷம் எல்லாம் இலக்கம் இலக்கமாக் கூட்டினா, பதினெட்டு, ரெண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொண்ணு, முப்பது வருது. மூணு. அது உன் விதி எண். ஒன்பதுக்கு மூணும் ஆறும் சிநேகம். நாலும் எட்டும் கிட்டயே வரக்கூடாது. இந்த நம்பரை வச்சுக்கிட்டு நீ கிட்னிக்குக் காத்திருக்கே. எட்டு வழியா எப்படிப்பா வரும்?"

அவளுக்குச் சுருக்கென்றது. "மாமா, ஆஸ்பத்திரியில இந்த நம்பரைத்தான் குடுத்திருக்கோம். எப்போ கூப்பிடுவாங்கன்னு தெரியாது. வேணும்னா புதுசு வாங்கிப் பேசட்டும், இது ஒரு ஓரமா ஓடிக்கிட்டு இருக்கட்டும்."

"விஷத்தைக் கொட்டாம ஓரமா வச்சாலும் விஷம்தான். உயிரோட இருக்கிற நம்பர் அதிரத்தான் செய்யும். ரத்துப் பண்ணணும்."

"நம்பரா வந்து ஊசி போடுது?"

"நீ சும்மா இரு" என்றான் கணவன். அவன் அவளிடம் அப்படிப் பேசுகிறவன் இல்லை. "மூணு வருஷமா உன் பேச்சைக் கேட்டாச்சு. டாக்டர் பேச்சைக் கேட்டாச்சு. என்ன ஆச்சு? அண்ணன் எனக்காக அலையறார். அவரோடது பொருந்தியிருந்தா எப்பவோ குடுத்திருப்பார்."

கூட்டல் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

கடையில் அரை நாள் உட்கார்ந்து கூட்டல் புது எண்ணைப் பொறுக்கினார். கடைக்காரர் முப்பது எண்கள் காட்டினாராம். ஒன்று நாலு, ஒன்று எட்டு, ஒன்று கூட்டுக்குச் சரியாக வந்தும் கடைசி இலக்கம் எட்டில் முடிந்ததால் தள்ளுபடி. கடைசியில் சிக்கியது 5, 0, 1, 2, 7, 3, 0, 9. கூட்டினால் இருபத்தேழு. இரண்டும் ஏழும் ஒன்பது. முடிவதும் ஒன்பதில். "இருபத்தேழு செங்கோல் மாதிரி! நினைச்சது நடக்கும்" என்று தம்பியின் முதுகில் தட்டினார். பழைய எண் அன்றைக்கே ரத்தானது.

மறுநாள் அவள் வேலைக்குப் போகும் வழியில் ரத்தம் சுத்திகரிக்கும் பிரிவுக்கு ஓடினாள். அங்கிருந்த நர்ஸ் புது எண்ணைக் கணவனின் கோப்பில் பெரிதாக எழுதிக்கொண்டாள். "பட்டியல் ஆபீஸ் பின்னாடிக் கட்டடம். அங்கேயும் நான் சொல்லிடறேன், நீங்க போங்க." வேலைக்கு ஏற்கெனவே பத்து நிமிஷம் தாமதம். அவள் போய்விட்டாள். பின்கட்டடத்துக்கு இருநூறு தப்படிகூட இருக்காது.

ஏழாவது வாரம், சுத்திகரிப்பு முடிந்து கணவன் கண் மூடிக் கிடந்தபோது, பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் கட்டிலருகே வந்து நின்றார். அவளும் கூட்டலும் அன்று கூட இருந்தார்கள்.

"செவ்வாய்க்கிழமை காலையில எங்கே போயிருந்தீங்க?"

"வீட்லதான் இருந்தேன்" என்றான் கணவன்.

"உங்களுக்குப் பொருத்தமா ஒரு கிட்னி வந்தது. நீங்கதான் முதல். ஏழு தடவை அடிச்சோம். இந்த எண் உபயோகத்தில் இல்லைன்னே வந்தது. ரெண்டாவது நம்பரும் அப்படியே. ரெண்டு மணி நேரம் பார்த்தோம். உறுப்பு அதுக்கு மேல காத்திருக்காது. அடுத்தவருக்குக் குடுத்துட்டோம்."

இரண்டாவது எண் கூட்டலுடையது. அவர் தன் எண்ணை ஐந்து மாதத்துக்கு முன்பே மாற்றியிருந்தார். பழையது பதின்மூன்றில் நின்று நாலு காட்டியதாம். அதைப் பட்டியலில் மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

"நான் நர்ஸ்கிட்ட குடுத்தேனே!" என்று அவள் கத்தினாள். கோப்பைப் புரட்டினார்கள். புது எண் கொட்டை எழுத்தில் இருந்தது. கோப்பைத் தாண்டி அது எங்கும் போகவில்லை. அந்த நர்ஸ் மறுவாரமே வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தாள். அந்த அம்மாள், "இனி எப்போ வரும்னு சொல்ல முடியாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கணவன் மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்தான். கூட்டல் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவன் நெற்றியை வருடிக்கொண்டே விரல் மடக்கினார். பிறகு அவர் முகம் தெளிந்தது.

"செவ்வாய்க்கிழமை என்ன தேதி? பதினேழு! ஒண்ணும் ஏழும் எட்டு. தம்பி, அந்தத் தேதியில உனக்கு வச்சிருந்தா அது ஒட்டியே இருக்காது. மேஜையிலேயே போயிருப்பே. புது நம்பர் உன்னைக் காப்பாத்தியிருக்குடா!"

கணவன் மெல்லத் தலையாட்டினான். நம்பினான். அவன் கண்ணோரத்தில் நிம்மதி மாதிரி ஒன்று தெரிந்தது. அவளால் தாங்க முடியாமல் போனது அந்த நிம்மதிதான்.

"இவரோட கிட்னி உங்களுக்குப் பொருந்திச்சு" என்றாள்.

கூட்டலின் கை நெற்றியில் அப்படியே நின்றது.

"எல்லாமே பொருந்திச்சு. ரெண்டு வருஷம் ஆச்சு. குடுக்க இஷ்டம் இல்லைன்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்து உங்க கையைப் பிடிச்சு அழுதாரு. டாக்டரைக் கேளுங்க. குடுக்கற தைரியம் இல்லாமத்தான் கதவுல எழுத்து ஒட்டினாரு, நம்பரைக் கொன்னாரு."

அவள் குரல் உயரவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் எங்கே போய்க் குத்துகிறது என்று பார்த்துப் பார்த்தே சொன்னாள். கூட்டலின் முகம் ரத்தம் சுண்டி வெளுத்தபோது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது.

"உண்மையாண்ணே?" என்றான் கணவன்.

"அது இல்லடா... நான் எட்டு, நீ ஒன்பது. உனக்குக் கெடுதல் வந்துடக்கூடாதுன்னுதான்..."

"போண்ணே."

"தம்பி..."

"வீட்டுக்குப் போண்ணே."

கூட்டல் எழுந்தார். செருப்பைத் தேடினார், இடது வலது தெரியாமல் மாற்றிப் போட்டார். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தார். தம்பி சுவரின் பக்கம் புரண்டுவிட்டான்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து கணவனின் தோளைத் தொட்டாள். தன்னை அணைத்துக்கொண்டு அழுவான் என்று நினைத்தாள். அவன் அவளுடைய கையை எடுத்துக் கீழே வைத்தான்.

"ரெண்டு வருஷம் சொல்லாம இருந்தியே. இன்னும் கொஞ்ச நாள்தானே? நான் போனதுக்கு அப்புறம் சொல்லியிருக்கலாமே."

"நீங்க ஏமாந்துக்கிட்டே..."

"கிட்னி இல்லைன்னு ஆயிடுச்சு. ஒரு அண்ணன் இருந்தான். அவனையும் எடுத்துக்கிட்டே."

அதற்குப் பிறகு அவன் நாலு மாதம் இருந்தான். பட்டியலிலிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை. கூட்டல் மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் கணவன் கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தான். அவர் வாசலில் நின்று, அவளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அவளிடம் கணவன் பேசியதெல்லாம் மருந்து, தண்ணீர், போர்வை என்ற அளவில்தான். அவள் சலவைக் கூடத்து வேலையை விட்டுவிட்டு நாள் முழுக்க அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் சுவரின் பக்கமே படுத்திருந்தான்.