ஆயிரத்து இருநூறு படகுகள்

டிலுக்ஷன் இன்ஷிராவின் சந்தைக் கணக்கு ஸ்லைடை மூன்றாவது தடவையும் திருப்பி அனுப்பியிருந்தார். திருகோணமலையில் புதுத் தொழில் தொடங்குவோரை முதலீட்டாளர்களுக்கு முன்னால் நிறுத்தும் திட்டத்தில் அவர்தான் பயிற்றுநர். நிகழ்ச்சிக்கு இன்னும் இரண்டு நாள். இன்ஷிரா கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி நேரே அவருடைய அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

சிறு படகுக்காரர்கள் போனிலேயே ஐஸ் ஓடர் கொடுத்து, விடிவதற்குள் துறைக்கு வரவழைக்கும் சேவையை அவளும் சுதர்ஷிகாவும் ஏழு மாதமாக நடத்தி வந்தார்கள். செயலியைச் சுதர்ஷிகா எழுதினாள். துறைகளில் அலைவது இன்ஷிராவின் வேலை.

"உலக மீன் சந்தை எத்தினை பில்லியன் டொலர் எண்டு முதல்ல போடுங்கோ," என்றார் டிலுக்ஷன். "அதில நூற்றுக்கு ஒண்டு கிடைச்சாலே போதும் எண்டு சொல்லுங்கோ. போட்டியாளர் அட்டவணையில உங்கட நிரலுக்கு எல்லாம் சரி அடையாளம் வரவேணும்."

"நோர்வேக்காரன் விக்கிற மீனுக்கு நான் ஐஸ் குடுக்கிறேல்ல சேர். அந்த ஒரு வீதத்தில ஒரு ஆளைக் காட்டுங்கோ எண்டு கேட்டா, நான் ஆரைக் காட்டுற?"

"எல்லாரும் அப்பிடித்தான் போடுறவை. உங்களைப் போல மொத்தச் சந்தையே ரெண்டு கோடி ரூபாய்தான் எண்டு போட்டா முதலீட்டாளர்கள் எழும்பிப் போயிடுவாங்கள்."

"போகட்டும். நான் மாத்தமாட்டன்."

"அப்ப கடைசியாத்தான் உங்களைப் பேச விடலாம்."

"ஓம், விடுங்கோ," என்று எழுந்துவிட்டாள்.

நிகழ்ச்சி உப்புவெளியில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒரு முதலீட்டு நிதியத்தின் இரண்டு பேரும், சொந்தப் பணத்தைப் போடும் றிஷானா என்ற பெண்ணும் முன்வரிசைக் கதிரைகளில் இருந்தார்கள். முன்னால் பேசிய ஐந்து குழுவும் பில்லியனில் பேசின. ஒருவருக்கும் போட்டியாளரே இல்லை. இன்ஷிராவின் முறை வந்தபோது நிதியக்காரர்களில் ஒருவர் மடிக்கணினியை மூடி வைத்திருந்தார்.

அவள் ஸ்லைடைப் போட்டாள். மாவட்டத்தில் ஒழுங்காக ஐஸ் வாங்கும் சிறு படகுகள் ஆயிரத்து இருநூறு. மாதத்தில் பதினைந்து நாள் கடலுக்குப் போகும். நாளுக்கு ஒரு ஓடர்; ஓடர் ஒன்றுக்கு இன்ஷிராவுக்கும் சுதர்ஷிகாவுக்கும் மிஞ்சுவது நூறு ரூபாய். எல்லாப் படகும் சேர்ந்தால் வருடத்துக்கு இரண்டு கோடியே பதினாறு இலட்சம். இரண்டு வருடத்தில் பிடிக்கக்கூடியது முந்நூறு படகு. வருடத்துக்கு ஐம்பத்து நாலு இலட்சம்.

"ஆயிரத்து இருநூறு எங்கால வந்தது?" றிஷானா கேட்டார்.

"எண்ணினது மெடம். மூண்டு கிழமை, பதினொரு துறை. கடற்றொழில் திணைக்களப் பதிவுப் புத்தகத்தில இதைவிடக் கூட இருக்கு. ஆனா அதில கரையில கிடந்து உக்குற படகும் இருக்கு. அதுகளைக் கழிச்சிட்டன்."

அடுத்த ஸ்லைடில் போட்டியாளர்கள். தானே முச்சக்கரவண்டியில் போய் ஐஸ் ஏற்றி வரும் படகுக்காரர் முதலாவது. போனில் ஓடர் எடுக்கும் ஐஸ் முகவர்கள் இரண்டாவது. முகவர்களுக்கு நேரே, 'கடனுக்குத் தருவார்கள். நாங்கள் தருவதில்லை' என்று எழுதியிருந்தது. பின்வரிசையில் டிலுக்ஷன் நெற்றியைத் தடவினார்.

"அப்ப அவங்கள் உங்களை வெண்டிடுவாங்களே," என்றார் மற்ற நிதியக்காரர்.

"கடன்ல வெல்லுவினம். ஆனா ஐஸ் தட்டுப்பட்டா முகவர் பெரிய படகுக்குத்தான் முதல்ல குடுப்பார். நாங்கள் கேட்ட நாப்பது பேரில இருபத்தேழு பேர் போன மாசம் ஐஸ் கிடைக்காம ஒரு நாளாவது கடலுக்குப் போகாம நிண்டவை. நாங்கள் ஓடர் வந்த வரிசையில குடுக்கிறதால அவங்கள்தான் எங்களிட்ட வாறாங்கள்."

"இருந்தாலும் சந்தை சின்னன். எங்கட நிதியத்துக்குக் காணாது."

"ஓம், இந்த மாவட்டம் சின்னன்தான். மத்தக் கரையளை இன்னும் எண்ணேல்ல, அதால போடேல்ல. எண்ணாததைப் போட்டு உங்களிட்டக் காசு கேக்க எனக்கு ஏலாது."

அவர் தலையசைத்துவிட்டுக் கூட வந்தவரோடு தேநீர் குடிக்கப் போனார். இன்ஷிராவுக்குக் காது சுட்டது. ஆனாலும் மேடையை விட்டு இறங்கவில்லை.

றிஷானா போகவில்லை. வாடிக்கையாளர் பட்டியலைக் கேட்டு வாங்கி, கண்ணில் பட்ட மூன்று இலக்கங்களுக்கு அங்கேயே போன் எடுத்தார். இரண்டு பேர் தொடர்ந்து ஐஸ் வாங்குவதாகச் சொன்னார்கள். மூன்றாமவர் இரண்டு மாதமாய் நிறுத்திவிட்டதாகச் சொன்னார். றிஷானா பட்டியலைப் பார்த்தார். அந்தப் பெயருக்கு நேரே 'நிறுத்திவிட்டார், கடன் கேட்டவர்' என்று ஏற்கெனவே இருந்தது.

மறுநாள் விடிய அவர் மூதூர்த் துறைக்கு வந்து, இறங்கும் ஐஸ் பெட்டிகளைத் தானே எண்ணினார். மூன்று கிழமையில் உடன்படிக்கை கையெழுத்தானது. கிடைத்தது அவர்கள் கேட்ட பணத்தில் பாதிதான்.

கேள்விப்பட்டு டிலுக்ஷன் போன் எடுத்தார். "சந்தோசம். அடுத்த முறை பெரிய நிதியங்களிட்டப் போகேக்க உலகச் சந்தையைப் போடுங்கோ, என்ன?"

"இல்லை சேர். மட்டக்களப்பு பஸ்ஸில இருக்கிறம். வெருகல் தாண்டி அடுத்த மாவட்டத்துக்கு வந்தாச்சு. அங்கத்தைப் படகுகளை எண்ணிப்போட்டுத்தான் போடுவம்."