கொழுந்து ஏன் தண்ணீரை நக்கியது

எழுமலைக்குக் கிழக்கே ரெண்டு கறவை மாடு வைத்துப் பிழைக்கும் தங்கப்பொண்ணுக்கு, மறுநாள் விடியப்போவதே பிடிக்கவில்லை. விடிந்தால் மாட்டுத் தரகர் நல்லகாமன் வந்து, ரெண்டில் ஒன்றான கொழுந்தைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார். கறக்கவிடாத மாடு இன்னொரு மாட்டுக் கொட்டத்துக்குப் போகாது, கறிக்குத்தான் போகும். அது அவளுக்கும் தெரியும், அவள் புருஷன் முத்திருளனுக்கும் தெரியும்.

மூன்று மாதமாகக் கொழுந்து பாடாய்ப் படுத்தியது. கொட்டத்து வாசலிலேயே காலை ஊன்றிக்கொண்டு நிற்கும். உள்ளே இழுத்துவந்து கறவை மெஷினை மாட்டினால் கால் மாற்றி மாற்றி நிற்கும், சாணி போடும், பாலைச் சுரக்காமல் அடக்கிக்கொள்ளும். டாக்டர் வந்து மடியைப் பார்த்துவிட்டு நோவு ஒன்றுமில்லை என்றார். தங்கப்பொண்ணு திருஷ்டி கழித்தாள். போன வாரம் அது மெஷினை எட்டி உதைத்தபோது, நாலு வருஷத்தில் முதல்முறையாக அதன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை அவளுக்கு.

முத்திருளனின் கூட்டாளி ஜலால் உசிலம்பட்டியில் மோட்டார் காயில் கட்டுபவர். தரகர் வருவதற்கு முந்தின நாள் காலை, கறவை நேரத்தில் போர்வெல் மோட்டாரைப் பார்க்க வந்தவர், கொட்டத்து ஓரமாக டீ குடித்துக்கொண்டே மாட்டைப் பார்த்தார்.

"ஏன் தங்கச்சி, இது தொட்டித் தண்ணிய உறிஞ்சாம பூனை மாதிரி நக்குது?"

"மூணு மாசமா அப்புடித்தாண்ணே. திமிரு."

"அந்த இன்னொன்னு?"

"அது அந்தப் பக்கம் பிளாஸ்டிக் டப்புல குடிக்கும். அது தங்கம்."

ஜலால் டீயைக் கீழே வைத்தார். "மாப்ள, மெஷின நிப்பாட்டு."

முத்திருளன் நிறுத்தினான். கொஞ்ச நேரத்தில் கொழுந்து ரெண்டு வாய் உறிஞ்சியது. மறுபடி போடச் சொன்னார். மெஷின் ஓடியதும் கொழுந்து வெடுக்கென்று தலையைத் தூக்கிக்கொண்டது.

ஜலால் மீட்டரை எடுத்தார். சின்ன ரெசிஸ்டர் ஒன்றை அதன் குறுக்கே கட்டி, "இதுதான் மாட்டு உடம்புன்னு வச்சுக்க" என்றார். மீட்டரின் ஒரு முனையைத் தொட்டிக்கு வரும் இரும்புப் பைப்பில் வைத்தார், இன்னொன்றை ஈரத்தரையில் கிடந்த தகட்டில் வைத்தார். அஞ்சு வோல்ட் காட்டியது. மெஷினை நிறுத்தினால் ஒன்றுமில்லை.

"அஞ்சுதான மச்சான்? நான் தினமும் அந்தப் பைப்பத் தொடுறேன், ஒன்னும் தெரியலையே" என்றான் முத்திருளன்.

"நீ ரப்பர் செருப்பு போட்டு நிக்கிற. அது நாலு காலையும் ஈரத்துல வச்சுக்கிட்டு வாயத் தண்ணியில வைக்குது. வாய் வழியா ஏறி, கால் வழியா இறங்குது. அதுக்கு இம்புட்டே அதிகம். மெஷின் எர்த்து கம்பி எங்க?"

"இந்தப் பைப்புலதான் கட்டிருக்கேன். மண்ணுக்குள்ள போற பைப்புதான?"

சொல்லும்போதே அவனுக்கு உறைத்தது. மூன்று மாதத்துக்கு முன்னால், கொழுந்து துருத்தண்ணி குடிக்கக்கூடாது என்று, மண்ணுக்குள் கிடந்த இரும்புப் பைப்பைத் தோண்டி எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் பைப்பைப் பதித்தது அவன்தான். இப்போது தரைக்கு மேலே உள்ள துண்டு மட்டும்தான் இரும்பு, அது மண்ணைத் தொடாததால் எர்த்தும் போனது. மெஷின் மோட்டாரில் கசிந்த கரண்டு இறங்க வழியில்லாமல் தொட்டித் தண்ணிக்கு வந்து நின்றது. ஆசையாய்ச் செய்த வேலைதான்.

"இன்னைக்கு அஞ்சு," என்றார் ஜலால். "மோட்டார் ஒயரு மொத்தமா தோலு விட்டிருந்தா, மாடும் போயிருக்கும், பால் கறக்குற தங்கச்சியும் போயிருக்கும்."

முத்திருளன் மண்வெட்டியை எடுத்தான். மெயினை இறக்கிவிட்டு, கொட்டத்துக்குப் பின்னால் குழி தோண்டி, எர்த்து ராடை இறக்கி, கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். அதிலிருந்து மெஷினுக்குத் தனிப் பச்சை ஒயர் போனது. தொட்டிப் பைப்பும் மாடு கட்டும் இரும்புக் கம்பிகளும் அதே எர்த்தில் சேர்ந்தன. மெஷின் மோட்டாருக்குள் தோல் நைந்து ஈரம் பட்டிருந்த ஒயரை மாற்றி, கரண்டு கசிந்தால் தானே விழும் பிரேக்கர் ஒன்றையும் போட்டு, அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்த்தார் ஜலால். டப்பென்று விழுந்தது. மெஷினை ஓடவிட்டு மறுபடி மீட்டரை வைத்தார். முள் அசையவில்லை.

மறுநாள் நல்லகாமன் வந்தபோது முத்திருளன் வாசலிலேயே மறித்தான்.

"மாடு விக்கிறதுக்கில்லண்ணே."

"குணங்கெட்ட மாடுன்னு நீதான சொன்ன?"

"மாட்டுக்குக் குணம் நல்லாத்தான் இருக்கு. கோளாறு என்கிட்ட."

நல்லகாமன் வண்டியைத் திருப்பினார்.

ஆனால் மீட்டர் சொன்னதைக் கொழுந்து நம்ப வேண்டுமே. அது வாசலைத் தாண்டவில்லை. தங்கப்பொண்ணு கயிற்றை இழுக்கவில்லை. வெளியிலேயே கட்டிக் கையால் கறந்தாள், வாளியில் தண்ணீர் காட்டினாள். ஆறாம் நாள் அதுவாக உள்ளே வந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியை மோந்து பார்த்தது, நாக்கு நுனியை மட்டும் வைத்து எடுத்தது, மறுபடி வைத்தது. பிறகு மூக்கு வரை முக்கி, மடக்மடக்கென்று உறிஞ்ச ஆரம்பித்தது.

தங்கப்பொண்ணு அடித்த இடத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். "மூணு மாசமா சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருக்கு" என்றாள் முத்திருளனிடம். அவன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். கொழுந்து தலையைத் தூக்காமல் குடித்துக்கொண்டே இருந்தது.