பெட்ரோலைத் தாண்டிய கணக்கு

"மாசக் கடைசியில காரை வித்துடப்போறேன்மா. யானையைக் கட்டித் தீனி போடுற கதையா இருக்கு," என்றார் ஸ்டோர்கீப்பர், கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டே.

எதிரே இருந்த கணக்கு அக்கா எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். கணக்குப் பிரிவில் வேலை என்பதால் தொழிற்சாலையில் அவளுக்கு அதுதான் பெயர். அவளும் எலக்ட்ரீஷியனும் லேப் தம்பியும் ஒரு வருடமாக அவர் காரில்தான் வருகிறார்கள். போக வர அறுபது கிலோமீட்டர். கார் போனால் இரண்டு பஸ் மாற வேண்டும், வீடு சேர மணி ஏழாகும். மகளை விட்டிருக்கும் காப்பகமோ ஆறுக்குப் பூட்டிவிடும். பிறகு வேலையை விட வேண்டியதுதான்.

"அண்ணே, நாங்க பெட்ரோல்ல பங்குதானே தர்றோம். டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ்?"

"அதெல்லாம் எப்படிம்மா வாய்விட்டுக் கேக்குறது?"

கேட்கத்தான் கூச்சம், விற்கக் கூச்சமில்லை. நல்ல மனுஷர், போங்கள்!

பில்களையெல்லாம் வாங்கி அவள் கணக்குப் போட்டாள். மறுநாள் மாலை காரிலேயே படித்துக் காட்டினாள். "கிலோமீட்டருக்குப் பெட்ரோல் ஆறு ரூபா. டயரும் சர்வீஸும் ஒண்ணு. இன்சூரன்ஸ், வரி வருஷத்துக்கு இருபத்துநாலாயிரம். காரோட விலை வருஷத்துல நாப்பத்தெட்டாயிரம் குறையுது. நாம ஓடுறது பதினெட்டாயிரம் கிலோமீட்டர். அந்த ரெண்டையும் அதுல வகுத்தா நாலு. மொத்தம் பதினொண்ணு. நாலு பேருக்குப் பிரிச்சா, ஆளுக்கு ஒரு நாளைக்கு நூத்தி அறுபத்தஞ்சு."

இதுவரை தொண்ணூறு கொடுத்தவர்கள். லேப் தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எலக்ட்ரீஷியன் பில்களைக் கேட்டு வாங்கினார். ஒரு ரூபாய்க்கும் சண்டை போடுகிற கஞ்சர் அவர். இனி பஸ்தான் என்பார் என்றே அவள் நினைத்தாள்.

"இது தப்பு அக்கா," என்றார் அவர். "போன வருஷ சர்வீஸ் பில்லுல மீட்டர் முப்பத்தாறாயிரம். இந்த வருஷம் அறுபதாயிரம். வண்டி ஓடினது இருபத்துநாலாயிரம். அண்ணன் அண்ணியோட ஊர் சுத்தின ஆறாயிரத்துக்கு நாம எதுக்கு இன்சூரன்ஸ் கட்டணும்?"

ஆனைக்கும் அடி சறுக்கும். அவள் முகம் சிவந்தது. இருபத்துநாலாயிரத்தில் வகுத்தால் இன்சூரன்ஸ் ஒன்று, விலைக்குறைவு இரண்டு. மொத்தம் பத்து.

"அப்போ ஆளுக்கு நூத்தி அம்பது," என்றாள் மெல்ல. "முடியுமா?"

"பதினொண்ணா இருந்தா சண்டை போட்டிருப்பேன். பத்து நியாயம். ரெண்டு பஸ் மாறி எவன் சாவுறது?" என்றார் எலக்ட்ரீஷியன். லேப் தம்பியும் தலையாட்டினான்.

"பத்து வந்தா நான் எதுக்கு விக்கப்போறேன்?" என்றார் ஸ்டோர்கீப்பர். கேட்டுக்கொண்டே வந்ததில் ஒரு திருப்பத்தைக் கோட்டைவிட்டு, சுற்றிக்கொண்டு வந்தார். ஆனாலும் காப்பக வாசலில் நிறுத்தும்போது மணி ஆறாக ஐந்து நிமிடம் இருந்தது. உள்ளே மகள் செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள்.

"நாளைக்கு ஏழேகாலுக்கு ரெடியா இரும்மா," என்றார் அவர். தினமும் சொல்கிற வார்த்தைதான். இன்று அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.