சிவப்புக் கொடி போடாத நாற்பத்தேழு நிமிடம்

எனக்குக் கோபம் மூக்கு மேல் இருக்கும். அதனால்தான் என்னை போனில் பேசும் பிரிவிலிருந்து தூக்கி மெயில் பிரிவில் உட்கார வைத்தார்கள். மெயிலில் நான் பல்லைக் கடிப்பது யாருக்கும் கேட்காது.

வீட்டுச் சாமான்களைக் கட்டி, ஏற்றி, வேறு வீட்டில் இறக்கும் கம்பெனி எங்களுடையது. வாடிக்கையாளர்கள் எழுதுவதெல்லாம் பொதுப் பெட்டி ஒன்றில் விழும். நானும் பக்கத்து சீட்டுப் பெண்ணும் அதைப் பிரிப்போம். அவளுக்கு நான் வைத்த பெயர் வானொலி. காலையில் பேச ஆரம்பித்தால் சாயங்காலம் வரை நிறுத்த மாட்டாள்.

பத்தில் ஒன்பது மெயில் சாதாரணம். தேதியை மாற்றுங்கள், கட்டில் கால் கீறிவிட்டது, ஒரு திருகாணியைக் காணோம். அதற்கெல்லாம் நாங்களே பதில் போடுவோம். மிச்சம் ஒன்றுதான் தலைவலி. கோர்ட்டுக்குப் போவேன், வக்கீல் நோட்டீஸ் வரும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடு என்று யாராவது எழுதினால், திறந்த பதினைந்து நிமிடத்துக்குள் சிவப்புக் கொடி போட வேண்டும். போட்ட உடனே அது மேனேஜரின் திரையில் முதல் வரியாக நிற்கும், அவருடைய போனும் அடிக்கும். அந்த வேலைக்கான ஃபைல் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு பெட்டிக் கணக்கு, கையெழுத்து, போட்டோ எதையும் யாரும் மாற்ற முடியாது. நாங்கள் பதில் எழுதவும் கூடாது. "மன்னிக்கவும்" என்றுகூட எழுதக் கூடாது. நாளைக்கு அந்த ஒரு வார்த்தையைக் காட்டி, தப்பை ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்லிவிடுவார்களாம்.

கம்ப்யூட்டரும் துணைக்கு உண்டு. வக்கீல், கோர்ட், போலீஸ் மாதிரி வார்த்தை இருந்தால் மஞ்சள் புள்ளி வைக்கும். ஆனால் அதை நம்பி உட்கார முடியாது. "நான் வக்கீல், என் அலமாரியை ஜாக்கிரதையாக இறக்குங்கள்" என்று எழுதியவருக்கும் அது மஞ்சள் புள்ளி வைத்தது. சத்தம் போடாமல் மிரட்டுகிறவர்களை மனுஷக் கண்தான் பிடிக்க வேண்டும். அதில் நான் கெட்டிக்காரி. மேனேஜரே சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கு ஒரு பெண்ணிடமிருந்து வந்த மெயிலில் மஞ்சள் புள்ளி இல்லை.

"உங்கள் ஆட்கள் ஆறு நாளுக்கு முன் என் வீட்டை மாற்றினார்கள். பதினான்காம் எண் பெட்டியைக் காணோம். அதில் என் கேமரா இருந்தது. அதில் உள்ள படங்களுக்கு வேறு பிரதி இல்லை. நான் உங்களுக்குக் கொடுத்தது முழுவதும் இந்த வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் வந்து சேர வேண்டும். இல்லையென்றால் இதைப் பற்றி உங்களிடம் பேச வேறொருவர் வருவார். குழுவின் தலைவரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது."

படித்த மாத்திரத்தில் தெரிந்தது, இது சிவப்பு. சந்தேகமே இல்லை. கையைக் கொடிக்குக் கொண்டுபோகும் முன்பு, பழக்கத்தில் ஃபைலைத் திறந்தேன். குழுத் தலைவர் என்ற இடத்தில் என் வீட்டுக்காரர் பெயர்.

மணியைப் பார்த்தேன். மெயிலை நான் திறந்த நேரம் பதினொன்று எட்டு என்று மூலையில் பதிவாகியிருந்தது.

ஃபைலில் என்ன இருக்கிறது? பெட்டிக் கணக்கு: ஏற்றியது பதினேழு, இறக்கியது பதினேழு. கீழே கோழி கிளறினாற்போல் ஒரு கையெழுத்து. அதற்கும் கீழே, இறக்கும்போது எடுத்த போட்டோக்கள், பன்னிரண்டு. கையெழுத்தை யாரும் அவசரத்தில் போட்டுவிடலாம் என்று எனக்குத் தெரியாதா? ஃபைலை மூடினேன்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

"என்னக்கா, சீட்ல முள்ளா இருக்கு?" என்றாள் வானொலி.

"வேலையைப் பாருடி."

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க மூணாவது தடவையா தண்ணி குடிக்கிறீங்க. ஒட்டகமா நீங்க?"

வேறு நாளாக இருந்தால் சரிக்குச் சரி கொடுத்திருப்பேன். அன்றைக்கு வெளியே மாடிப்படிக்குப் போய் அவரை போனில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எங்கேயாவது குளிர்சாதனப் பெட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு நிற்பார். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் முன்பு அவர் ஒரு மேஜை விளக்கை வீட்டுக்குக் கொண்டு வந்தார். "வேண்டாம்னு கொடுத்துட்டாங்க" என்றார். நல்ல விளக்கு. அவ்வளவு நல்ல விளக்கை யார் வேண்டாம் என்று கொடுப்பார்கள்? நான் கேட்கவில்லை, அவரும் அதற்கு மேல் சொல்லவில்லை. அதன் வெளிச்சத்தில்தான் எங்கள் பெண் இன்றைக்கும் வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

கொடி போட்டால் என்ன ஆகும்? முதலில் அவரை வண்டியிலிருந்து இறக்குவார்கள். விசாரணை முடியும்வரை வேலை கிடையாது. பெட்டி கிடைக்காவிட்டால் வேலையே கிடையாது. திருடன் என்று பெயர் வாங்கியவரை வேறு எந்தக் கம்பெனி வீட்டுக்குள் விடும்? போடாவிட்டால்? சாதாரணப் புகார் என்று தள்ளிவிட்டால், பதில் போட மூன்று நாள் கிடைக்கும். அதற்குள் அவரிடம் கேட்டு, பெட்டி எங்கே இருந்தாலும், எப்படியாவது... எப்படியாவது என்ன? அந்த இடத்தில் என் புத்தி நின்றுவிட்டது.

பதினொன்று முப்பத்திரண்டுக்கு போன் அடித்தது.

"என்ன, ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கே? பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சும்மாதான். போன வாரம் மூணாவது மாடிக்கு ஏத்துனீங்களே ஒரு வீடு, அங்க ஏதாவது விட்டுப் போச்சா?"

"எதுக்குக் கேக்குற?"

"சும்மா கேட்டேன்."

"பதினேழு பெட்டி. பதினேழும் இறக்கிக் கையெழுத்து வாங்கியாச்சு. ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லைன்னு சொல்றேன்ல!" என்று எரிந்து விழுந்துவிட்டு வைத்துவிட்டேன்.

ஆறு நாள் கழித்தும் எண்ணிக்கையை இவ்வளவு சுத்தமாகச் சொல்கிறாரே என்று நினைத்தேன். நினைத்த மறு நொடியே என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. போன மாதம் போன வீட்டின் எண்ணிக்கையைக் கேட்டாலும் சொல்லுகிற ஆள் அவர். ஆனாலும் நினைப்பு போகவில்லை.

திரும்பி வந்து மெயிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் என்று எழுதியிருக்கிறாள். நான் அமுக்கி வைத்தால் வெள்ளிக்கிழமை வரும், வேறொருவரும் வருவார். அப்போது திறந்தது நான், அமுக்கியது நான் என்று இரண்டு பேரும் சேர்ந்து மாட்டுவோம். பெண்ணை யார் பார்ப்பது? பதினொன்று ஐம்பத்தைந்துக்குக் கொடியைப் போட்டேன்.

எங்கள் மேனேஜர் அம்மாவுக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர். கண்ணாடி அறைக்குள் அவருடைய போன் அடித்தது இங்கே கேட்டது. மெயிலைப் படித்தார். ஃபைலைத் திறந்தார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அந்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டுப் பேசினார். பேசிக்கொண்டே திரையில் எதையோ பார்த்து எதையோ அனுப்பினார். என்னைப் பார்க்கவே இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அப்படியே மூடினேன்.

மூன்று மணிக்கு என்னை அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வேலையிலிருந்து அப்படியே வரவழைத்திருக்கிறார்கள்.

"பெட்டி கிடைச்சிடுச்சு" என்றார் மேனேஜர். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"இறக்கும்போது எடுத்த போட்டோ இருக்கு. நாலாவது படம். பதினாலாம் நம்பர் பெட்டியை உங்க வீட்டுக்காரர் அந்தம்மாவோட மச்சினன் கையில கொடுக்கிறார். நம்பர் பளிச்சுன்னு தெரியுது. படத்தை அனுப்பினேன். மச்சினனைக் கேட்டாங்க. பத்திரமா இருக்கட்டும்னு தன் கார் டிக்கியில வெச்சு, மறந்தே போயிட்டாராம். கேமரா நல்லா இருக்கு. அந்தம்மா மன்னிப்புக் கேட்டுட்டாங்க."

"கடவுளே" என்றேன்.

"இருங்க, இன்னொண்ணு இருக்கு." ஸ்டாப்வாட்ச் திரையை எங்கள் இருவர் பக்கமும் திருப்பினார். "திறந்தது பதினொண்ணு எட்டு. கொடி போட்டது பதினொண்ணு அம்பத்தஞ்சு. நாப்பத்தேழு நிமிஷம். சொந்தக்காரங்க வேலைன்னா உடனே கொடியைப் போட்டு, எனக்கு உறவுன்னு குறிப்பு எழுதிட்டு ஒதுங்கிக்கணும். இது உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை வாய்வார்த்தையோட விடுறேன். அடுத்த தடவை எழுத்துல வரும்."

"சரிங்க மேடம்" என்றேன். அவ்வளவுதானா என்று நெஞ்சு லேசாகிப் போனது. வேலை தப்பியது, அவர் பெயர் தப்பியது. வெளியே வந்ததும் சிரிப்புக்கூட வந்தது.

அவர் சிரிக்கவில்லை. வண்டி நிறுத்தும் இடம்வரை எனக்கு முன்னால் நடந்தார். வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார்.

"நீ போன் பண்ணினப்போ அந்த மெயில் உன் முன்னாடி இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"ஃபைலைத் திறந்தியா?"

"திறந்தேன்."

"போட்டோ பார்த்தியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "பார்க்கலை."

"ஒரு தட்டு தட்டினா வந்திருக்கும். பன்னெண்டு படம். எல்லாம் நான் எடுக்கச் சொன்னது. பதினேழு பெட்டியும் ஏதாவது ஒரு படத்துல நம்பரோட தெரியிற மாதிரி." அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு அது சுலபம். "ஏன் பார்க்கலை?"

"உங்களைக் காப்பாத்தத்தானேங்க பார்த்தேன்? கொடி போட்டா உங்க வேலை என்ன ஆகும்னு பயந்துட்டேன். எனக்கு மட்டும் என்ன, வேண்டுதலா?"

"எதுலேர்ந்து காப்பாத்தப் பார்த்தே?"

எனக்கு அந்த மேஜை விளக்குதான் நினைவுக்கு வந்தது. அவர், இன்னும் ஒரு வீடு பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.