காபிக் கடையில் தேறிய பெயர்

மாடி வீட்டில் குழந்தை பிறந்து மாதம் ஒன்று ஓடியும் பெயர் வைத்தபாடில்லை. கீழ் வீட்டுக்காரிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். எங்கள் கட்டிடத்தில் மாடித் தளம் மெல்லிசு. எனக்குக் காதும் கொஞ்சம் நீளம்.

குழந்தையின் அம்மா பல் மருத்துவரிடம் உதவியாளர். அவள் பெயரில் ஒரு ழகரம், ஒரு ளகரம். ஆங்கிலம் மட்டுமே தெரிந்த வெள்ளைக்கார மருத்துவர் முதல் நாளே அந்தப் பெயரோடு மல்லுக்கட்டித் தோற்று, அதன் முதல் ஆங்கில எழுத்தோடு நிறுத்திக்கொண்டார். சட்டையில் குத்தும் பெயர்ப்பட்டையிலும் ‘கே’ மட்டும்தான். வருஷக்கணக்காகக் கே.

அதனால் அவளுக்கு ஒரே பிடிவாதம். “என் பொண்ணு பேரை எவனும் வெட்டக் கூடாது. நம்ம வாயிலயும் இயல்பா வரணும், அவங்க வாயிலயும் வரணும். ரெண்டு பக்கமும் நல்ல அர்த்தம் இருக்கணும்.”

கணவர் மென்பொருள் சோதிப்பவர். பெற்ற பிள்ளையின் பெயரையும் சோதிக்காமல் விடுவாரா? தெருமுனைக் காபிக் கடையில் ஒருத்தி பெயர் கேட்டுக் கோப்பையில் எழுதுவாள், காபி தயாரானதும் இன்னொருத்தி அதை வாசித்துக் கூவுவாள். தினம் ஒரு பெயரைத் தன் பெயராகச் சொல்வார் மனுஷர். காதில் விழுந்ததை எப்படி எழுதுகிறார்கள், எழுதியதை எப்படி வாசிக்கிறார்கள் என்று ஒரே காபியில் இரண்டும் தெரிந்துவிடுமாம். தூக்கம் கெட்டது தனி வரவு.

தமிழ்ப் பக்கத்துப் பரிசோதகர் அவருடைய அக்கா. பிள்ளை பார்க்க வந்தவர், ஊர் திரும்பும் பேச்சையே எடுக்கவில்லை. பால்கனியில் நின்று பெயரை நீட்டிக் கூப்பிடுவார். பிறகு அதே பெயரைச் சொல்லித் திட்டுவார். “கூப்பிடவும் வரணும், திட்டவும் வரணும்டா தம்பி. அதுதான் பேரு.”

எழில் முதலில் போனது. கோப்பையில் ‘தீயது’ என்று அர்த்தம் வரும் ஈவில் என்ற ஆங்கிலச் சொல்லாகத் திரும்பி வந்தது. மலர் என்றதும் அம்மாக்காரி கையெடுத்துக் கும்பிட்டாள். “கடைவாய்ப் பல்லுக்கு அவங்க சொல்ற மோலர் மாதிரியே இருக்குங்க. நாள் முழுக்க அதைப் பிடுங்குறதுதான் என் வேலை. வீட்டுலயுமா?” நிலாவைக் கூவியவள் ‘நைலா’ என்றாள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டினால் நீலா ஆகிவிடுகிறது. மாயா கடையில் அமோகமாகத் தேறியது. அக்காதான் மடக்கினார். “இருக்கு ஆனா இல்லைன்னு அர்த்தம் வர்ற பேரா பிள்ளைக்கு?” ஐவி என்று ஒரு படர்கொடியின் ஆங்கிலப் பெயரைத் தம்பி நீட்ட, “ஆஸ்பத்திரியில கையில ஏத்துற மருந்தாடா?” என்றார்.

கடைசியில் வீரா. தமிழில் வீரம். ஆங்கிலத்தில் அதே ஓசையில் பெண் பெயர் முன்பே இருக்கிறது. நம்பிக்கை, உண்மை என்று பொருள் சொல்வார்கள். அக்கா பால்கனியில் நீட்டினார்: “வீராஆஆ!” நாலு வீட்டு ஜன்னல் திறந்தது. திட்டினார்: “ஏய் வீரா, வந்தேன்னா பாரு!” எனக்கே பயமாக இருந்தது. “பையன் பேரு மாதிரி இல்ல?” என்று அவரே இழுத்து, “இருந்தா என்ன, தைரியம் பசங்களுக்கு மட்டுமா?” என்று அவரே முடித்துக்கொண்டார்.

அன்றைக்குக் காபிக் கடைக்கு அம்மாவே குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துப் போனாள். எனக்கும் திடீரென்று காபித் தாகம். பின்னாலேயே நின்றேன்.

கல்லாப் பெண் எழுத்துக் கூட்டச் சொல்லாமலே எழுதினாள். “எங்க அத்தை பேரும் இதான். இப்ப மறுபடியும் எல்லாரும் வைக்கிறாங்க.” கூவியவளும் சரியாகக் கூவினாள்.

அம்மா கோப்பையை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். ஜெயித்தவள் முகமாக இல்லை.

“இது என் பொண்ணு பேரு,” என்றாள் கல்லாப் பெண்ணிடம்.

“அழகா இருக்கு. உங்க பேரு?”

“கே,” என்று வாய் தன்னால் சொல்லிவிட்டது. குழந்தையைப் பார்த்தாள். பிறகு முழுப் பெயரையும் சொன்னாள். கல்லாப் பெண் அதைக் கடித்துத் துப்பினாள். இவள் திருப்பிச் சொன்னாள். மறுபடி கடி, மறுபடி திருத்தம். வரிசை முனகியது, உண்மையைச் சொன்னால் முனகலைத் தொடங்கிவைத்தது நான்தான். அவள் நகரவே இல்லை. சுமாராக வந்த பிறகுதான் வண்டியைத் தள்ளினாள்.

பிள்ளைக்கு வீரா என்றே பதிந்தார்கள். விடுப்பு முடிந்து இவள் வேலைக்குப் போன வாரமே எனக்குப் பல்வலி வந்தது. நிஜப் பல்வலிதான், நம்புங்கள்.

நாற்காலியில் நான் வாயைப் பிளந்து கிடக்கிறேன். மருத்துவரும் பக்கத்தில் வாயைப் பிளந்து நிற்கிறார். இவள் பெயர்ப்பட்டையில் முழுப் பெயர்.

“நாக்கை மேல மடிங்க டாக்டர். இன்னும் உள்ள. பல்லைத் தொடக் கூடாது. இப்ப சொல்லுங்க.”

சொன்னார். கேவலமாக இருந்தது.

“பரவாயில்ல,” என்றாள். “நாளைக்கு மறுபடி பார்ப்போம்.”