ஒண்ணாந்தேதி வளைவு

"அப்போ மார்க்கெட் ஏறல, நாலு யானை மட்டும் மாடிப்படி ஏறிக்கினு கீதுன்னு சொல்ற?"

"நான் சொல்லல சார், எண்ணிக்கை சொல்லுது," என்றாள் ஜுவேரியா.

ரொனால்ட் சிரித்தார். பாண்டி பஜார் கடைகளுக்கு மேலே, இரண்டாம் மாடியில் அவருடைய பங்கு ஆய்வு அலுவலகம். அவர் கவனித்து வரும் நூற்றைம்பது நிறுவனங்களின் நேற்றைய முடிவு விலையை இன்றைய விலையோடு ஒப்பிடுவது ஜுவேரியாவின் மாலை வேலை. இன்று ஏறியவை அறுபத்தொன்று, இறங்கியவை எண்பத்துநான்கு, அசையாதவை ஐந்து. பெரிய நிறுவனங்களுக்கு எடை அதிகம் என்பதால் சந்தையின் குறியீட்டெண் மட்டும் ஏறியிருந்தது.

ஏறியதிலிருந்து இறங்கியதைக் கழித்து, நாள்தோறும் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கோடு கிடைக்கும். மாதக்கணக்கில் ஏறிவந்த அந்தக் கோடு, இந்த மாதம் பிறந்ததும் கீழே வளைந்திருந்தது. சந்தை உள்ளுக்குள் பலவீனமாகிறது என்பதற்கு அது அடையாளம்.

"காலைல சந்தாதாரர்களுக்கு அனுப்பிடு. 'உஷார்'னு தலைப்பு. கீழ உன் பேரு."

அவள் பெயரில் வெளிவரப்போகும் முதல் குறிப்பு. அது அச்சில் எப்படித் தோன்றும் என்று பார்க்கும் ஆசையில், போன மாதம் இதே கோட்டைச் சோதனையாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டியிருந்த தாளை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

அதிலும் கோடு ஏறி, போன மாத ஒண்ணாந்தேதியில் வளைந்திருந்தது. திரையிலோ அதே போன மாதம் ஏறுமுகமாக இருந்தது. ஒரே தெருவை எடுத்த இரண்டு புகைப்படங்களில் கடல் இடம் மாறி நிற்பதுபோல் இருந்தது அவளுக்கு.

"சார், ஒண்ணாந்தேதி நம்ம நூத்தம்பது கம்பெனி லிஸ்ட்ல இன்னா பண்ணுவீங்க?"

"களை எடுப்பேன். விழுந்ததத் தூக்கிட்டு, நல்லா ஓடறத உள்ள போடுவேன். ஏன்?"

"புது லிஸ்ட் போட்டதும், கம்ப்யூட்டர் ஷீட் பழைய நாளுக்கும் அதே புதுக் கம்பெனிங்கள வெச்சுத்தான் எண்ணுது."

"எண்ணட்டுமே."

"ஏறினதப் பாத்துப் பொறுக்கிட்டு, எல்லாம் ஏறியிருக்கேன்னு ஆச்சரியப்படறோம் சார். பாஸானவங்கள மட்டும் நிக்கவெச்சு கிளாஸ் போட்டோ எடுத்த மாதிரி. ஒண்ணாந்தேதிக்கு அப்புறம் வர்றதுதான் நெஜ எண்ணிக்கை. அதான் மாசாமாசம் வளையுது."

ரொனால்ட் டீயைக் கீழே வைத்தார். "அப்போ மார்க்கெட் பலவீனமா இல்லியா?"

"இருக்கலாம். இந்தக் கோட்டை வெச்சு சொல்ல முடியாது. அன்னன்னிக்கு எந்த நூத்தம்பதைப் பாத்தோமோ, அதையே எண்ணினாதான் தெரியும்."

"பழைய லிஸ்ட்டு மேலயேதான் புதுசை எழுதுவேன் நான்," என்றார் அவர், மெதுவாக.

ஜுவேரியா குறிப்பின் அடியிலிருந்த தன் பெயரை அழித்தாள். பிறகு தலைப்பையும். வெற்றுத் தாள் ஒன்றைத் திரையில் திறந்து, தன் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நீங்க லிஸ்ட்லேர்ந்து தூக்கின கம்பெனியெல்லாம் எது எதுன்னு, மறக்கறதுக்குள்ள உக்காந்து சொல்லுங்க சார்."