மூன்றாம் அறைக்குப் போகும் திகதி இல்லை

எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். அதை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு சாரங்கா வாய்க்காரி என்று யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வவுனியாவில், கண்டி வீதியில், நாலு கொம்பியூட்டரும் ஒரு டெலிபோன் இணைப்பும் வைத்துக் கடை நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. சண்டை நின்று வன்னிக்குள் போகும் பாதை திறந்து ஒன்றரை வருசம். யாராவது டெலிபோனில் கதைத்தால் இன்டர்நெட் அறுந்துவிடும். அப்படிப்பட்ட காலத்தில்தான் ஸுஹறா அக்கா வந்து, "புள்ள, எனக்கொரு வெப்சைட் வேணும்" என்றா.

அவா முல்லைத்தீவுக்காரி. தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வடக்கைவிட்டு வெளியேற்றியபோது குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போக நேர்ந்து, பாதை திறந்ததும் கணவர் மீராசாகிபு நானாவோடு வவுனியா வந்து, வீட்டோடு சேர்ந்த மூன்று அறைகளை வாடகைக்கு விடத் தொடங்கியிருந்தா. கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறவர்கள் வன்னிக்குள் போகுமுன் ஓரிரவு தங்க அந்த வீடு தோது. அந்த வழியிலுள்ள ஓமந்தைச் சோதனைச் சாவடி மாலையில் மூடிவிடும், பிந்தினால் வவுனியாவில்தான் நிற்க வேண்டும்.

ஆனால் ஆட்கள் வந்தது இன்டர்நெட்டில் அறை பதிகிற ஒரு வெளிநாட்டுப் பதிவுத்தளம் வழியாக. அவன் நூற்றுக்குப் பதினைந்தைப் பிடுங்குவான். போதாததற்கு, பட்டியலில் அவாவின் வீட்டைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டான், ஒரு வெள்ளைக்காரன் நுளம்பு கடித்தது என்று எழுதிப்போட்டானாம். வன்னியில் நுளம்பு கடிக்காமல் கிளியா கொத்தும்?

"நானா சொல்லிட்டார் புள்ள. டிசம்பருக்குள்ள இந்த அறையள் ஓடாட்டி வீட்டைக் குடுத்திட்டுத் திரும்பப் புத்தளத்துக்கே போறதாம். நான் திரும்பிப் போகமாட்டன். ஒருக்கா போனது போதும்." அவாவின் குரல் உடைந்தது. எனக்கு அந்தக் கணமே அவாவைப் பிடித்துப்போயிற்று.

செய்து கொடுத்தேன். ஒவ்வோர் அறைக்கும் தனித்தனிப் பக்கம். படங்களை நானே எடுத்தேன். கட்டில் எத்தனை, நுளம்பு வலை உண்டா, குளியலறை உள்ளேயா வெளியேயா, கரண்ட் போனால் ஜெனரேற்றர் எத்தனை மணி வரைக்கும் என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். "குளியலறை முத்தத்தில எண்டதை எழுதத்தான் வேணுமோ?" என்று அக்கா நெளிந்தா. "எழுதாட்டி வந்து நிண்டு ஏசுவினம் அக்கா, எழுதினா தெரிஞ்சுகொண்டு வருவினம்" என்றேன்.

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் வீட்டு டெலிபோன் நம்பரும் ஈமெயிலும் போட்டேன். பதிவுத்தளத்தில் போட்டதைவிட விலையைக் குறைக்கக்கூடாது என்று அவனுடைய ஒப்பந்தத்தில் இருந்தது. சரி, விலையைக் குறைக்க வேண்டாம். நேரே எங்களிடம் கேட்டு வருகிறவர்களுக்குக் காலையில் இடியப்பமும் சொதியும் சும்மா, பஸ் ஸ்ராண்டில் இருந்து நானாவின் ஓட்டோவில் கூட்டிவருவதும் சும்மா என்று எழுதினேன். பதிவுத்தளம் வழியாக வந்தவர்கள் வெளிக்கிடும்போது கையில் கொடுக்கச் சின்ன அட்டை அடித்தேன். அடுத்த தடவை நேரே வாருங்கள் என்று.

பிறகு நாட்காட்டி. அதில்தான் எனக்குப் பெருமை. மூன்று அறை, மாதத்துக்கு ஒரு பக்கம். பச்சை என்றால் அறை இருக்கிறது, சிவப்பு என்றால் இல்லை. வருகிற திகதியும் போகிற திகதியும் கொடுத்தால் இடையிலுள்ள இரவுகள் சிவப்பாகும். அக்கா வீட்டில் கொம்பியூட்டர் இல்லை. ஆகவே அவா எனக்குப் போன் பண்ணவேண்டும், நான் இங்கேயும் பதிவுத்தளத்து நாட்காட்டியிலும் கையால் மாற்றவேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது.

"ஆள் படுத்தா எனக்குச் சொல்லுங்கோ அக்கா. ஆர் எண்டாலும்."

"ஓம் புள்ள, ஓம்" என்றா. அந்த "ஓம்" என்ன ஓம் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

இரண்டு மாதம் ஒன்றும் வரவில்லை. செப்ரெம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை நேரடியாக முதல் ஈமெயில் வந்தது. கொழும்பில் இருந்து இராசமலர் என்று ஒருவர். கிளிநொச்சியில் மருத்துவிச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவ. கூட வேலைசெய்கிற ஒருவரிடம் எங்கள் அட்டை இருந்ததாம். வருகிற வியாழன் வெள்ளி இரண்டு இரவுக்கு இரண்டாம் அறை வேண்டும், சரிவந்தால் வருசம் முழுக்க மாதா மாதம் இதே அறை என்று எழுதியிருந்தா. நான் நாட்காட்டியைப் பார்த்தேன். இரண்டாம் அறை பச்சைப் பசேல் என்று கிடந்தது. உறுதி செய்து பதில் போட்டுவிட்டு, துள்ளிக்கொண்டு அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

எந்த நாள் என்று இரண்டு தரம் கேட்டா. "வரட்டும் புள்ள" என்றா.

வியாழன் மத்தியானம் அவாவே போன் எடுத்தா. "புள்ள, ஒருக்கா வந்திட்டுப் போவியா?"

ஸ்கூட்டரில் போய் இறங்கினேன். முற்றம் முழுக்கக் கொடிகட்டிக் குழந்தைத் துணி காய்கிறது! முதலாம் அறையில் பதிவுத்தளம் வழியாக வந்த ஒருவர். அது எனக்குத் தெரியும், அது சிவப்பு. இரண்டாம் அறையிலும் மூன்றாம் அறையிலும் எட்டுப் பேர். நானாவின் அக்காவின் மகள் றிஸ்னா, அவளின் புருசன் சிறாஜ், கைக்குழந்தை, சிறாஜின் தம்பிமார், அவர்களின் பெண்சாதிமார், ஒரு மாமி. முல்லைத்தீவில் தங்கள் வீடு வளவைப் பார்க்கப் புத்தளத்தில் இருந்து வந்தவர்கள். திங்கட்கிழமையே வந்துவிட்டார்களாம்.

"திங்கட்கிழமை! நான் செவ்வாய்க்கிழமை போன் எடுக்கேக்க ஏன் வாயைத் திறக்கேல்லை?"

"புதன் வளவைப் பாத்திட்டு அப்பிடியே போயிடுவாங்க எண்டு நினைச்சன். திரும்பி வந்திட்டாங்க. அங்க சுவர்கூட இல்லையாம் புள்ள."

"எப்ப போவினம் எண்டு கேக்கக்கூடாதே?"

அவா என்னை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னவளைப் போலப் பார்த்தா. "வீட்டுக்கு வந்த சொந்தத்திட்ட எப்ப போவீங்க எண்டு கேக்கிறதா? அவங்களை அந்தச் சிவப்புக்குள்ள எழுதினா அவங்களும் வாடகைக்கு வந்த ஆக்களாப் போயிருவாங்க. என்னால ஏலாது."

எனக்கு மண்டை சூடேறியது. "அப்ப பச்சை எண்டு நான் ஊருக்கெல்லாம் பொய் சொல்லுறனோ? இந்தா, அந்த அம்மா பஸ்ஸில வந்துகொண்டிருக்கிறா! டிசம்பருக்குள்ள ஓடாட்டிப் புத்தளம் எண்டு அழுதது நீங்களோ நானோ?" என்று கத்திவிட்டேன். கத்தியபிறகுதான் அறை வாசலில் றிஸ்னா குழந்தையோடு நிற்பதைக் கண்டேன். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"மாமி, நாங்க இப்பவே வெளிக்கிடுறம்" என்றாள். ஸுஹறா அக்காவிடம்தான் சொன்னாள், கேட்டும் கேட்காத குரலில்.

"வெளிக்கிட்டா உன்ர காலை முறிப்பன்!" என்றா ஸுஹறா அக்கா. அன்றைக்குத்தான் அவாவுக்கும் கோபம் வரும் என்று தெரிந்தது. எனக்கு வெட்கமாய்ப் போயிற்று. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இராசமலர் அம்மா நாலரைக்கு நானாவின் ஓட்டோவில் வந்து இறங்கினா. ஒல்லியான ஆள், கையில் கறுப்புப் பை, தலைமை ஆசிரியைப் பார்வை. நான் எதையும் மறைக்கவில்லை. பிழை நடந்தது, அறை இல்லை என்றேன். ஸுஹறா அக்கா தன் சொந்த அறையைக் கூட்டி, புது விரிப்பு விரித்து அவாவுக்குக் கொடுத்தா. அக்காவும் நானாவும் விறாந்தையில் பாய் போட்டார்கள். வீடு நிறைந்த ஆட்களுக்குச் சமைத்த குசினியில் இன்னொரு சாப்பாட்டுக் கோப்பையும் வந்தது. இராசமலர் அம்மா பேசாமல் சாப்பிட்டா. கைக்குழந்தைக்குச் சளி இழுத்ததைக் கேட்டு, தானே எழும்பிப் போய் முதுகைத் தட்டிப் பார்த்து, றிஸ்னாவுக்கு என்ன செய்யவேண்டும் என்று சொன்னா. பிறகு என்னைக் கூப்பிட்டா.

"உங்கட சொந்தக்காரர் நிற்கிறது எனக்குப் பிரச்சினை இல்லை. ஒரு வருசத்துக்குச் சேர்த்துப் பதியிறன். ஆனால் பச்சை எண்டு போட்டால் அறை இருக்கவேணும். பச்சையை நம்பி இன்னொருக்கா வந்து முத்தத்தில நிக்க மாட்டன்."

அடுத்த நாள் கடையைத் திறந்ததும் உட்கார்ந்தேன். சிவப்பு வாடகை. அக்காவுக்குச் சிவப்பு ஏலாது. சரி, மூன்றாவது நிறம். மஞ்சள். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குச் சிவப்பும் மஞ்சளும் ஒன்றுதான், அழுத்தினால் பதிய விடாது. கீழே சின்ன எழுத்தில் ஒரு விளக்கம்: சிவப்பு, விருந்தினர். மஞ்சள், எங்கள் வீட்டார். அக்காவைக் கூட்டிவந்து காட்டினேன். கதிரையில் இருந்து அந்த மஞ்சளை நெடுநேரம் பார்த்தா.

"இது நல்லம்" என்றா. "ஆனா எப்ப போவாங்க எண்டு நான் கேக்க மாட்டன்."

"கேக்க வேண்டாம். நான் மூண்டு நாள் எண்டு போடுறன். மூண்டாம் நாள் எனக்கு ஒரு போன் எடுங்கோ. நிக்கினமோ, இல்லையோ, அதை மட்டும் சொல்லுங்கோ. நிண்டா நான் தள்ளிப்போடுவன்."

அதற்கு ஒத்துக்கொண்டா. சிறாஜின் தம்பிமாரும் மாமியும் அந்தக் கிழமையே புத்தளம் போனார்கள். இரண்டாம் அறை விடுபட்டு, இராசமலர் அம்மாவின் பெயரில் மாதா மாதம் சிவப்பானது. அவா சொல்லி இன்னும் இரண்டு பேர் நேரே எழுதினார்கள். மூன்றாம் அறையில் றிஸ்னாவும் சிறாஜும் குழந்தையும் மட்டும். அந்த அறை மஞ்சளாகவே கிடந்தது. மூன்று நாளுக்கு ஒருக்கா அக்காவின் போன். "நிக்கிறாங்க புள்ள." நான் தள்ளிப்போடுவேன். மறுபடி போன். "நிக்கிறாங்க." ஒக்டோபர் முழுக்க, நவம்பர் முழுக்க இதே கதைதான். சிறாஜுக்கு நானா மர ஆலையொன்றில் வேலை எடுத்துக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன்.

டிசம்பர் பிறந்தது. ஒருநாள் காலை மீராசாகிபு நானாவே கடைக்கு வந்தார். அவர் அதற்குமுன் என் கடைப்படி ஏறியதில்லை. முடிந்தது, புத்தளம்தான், வெப்சைட்டை மூடச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்படிச் சொன்னால் இந்த மனுசனோடு ஒரு பிடி பிடிப்பது என்றுகூட முடிவெடுத்துவிட்டேன்.

"மகள், அந்த மூண்டாம் அறை. மஞ்சளை மாத்தவேணும்."

"எந்தத் திகதிக்கு நானா?"

"திகதி இல்லை."

"போற திகதி இல்லாமல் இது எடுக்காது நானா. கட்டாயம் ஒண்டு கேக்கும்."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். "எங்களைப் புத்தளத்தில இறக்கேக்க ஒரு பதிவு எழுதினாங்க. எத்தனை பேர், எங்க இருந்து, எல்லாம் கேட்டாங்க. எப்ப திரும்பிப் போவீங்க எண்டு மட்டும் கேக்கேல்ல. பதின்மூண்டு வருசமாச்சு." தொப்பியைத் திரும்பத் தலையில் போட்டார். "றிஸ்னாவுக்கு முல்லைத்தீவில வீடு இல்லை. நாங்களும் எங்கயும் போகேல்ல. இங்கதான் இருக்கப் போறம். நீ அந்த அறையை எடுத்துவிடு. அது இனி வாடகை அறை இல்லை. அந்தப் புள்ளையிட வீடு."

என் வாயும் ஒருநாள் மூடிக்கொண்டது. மூன்றாம் அறையின் பக்கத்தைத் திறந்தேன். கட்டில் ஒன்று, நுளம்பு வலை உண்டு, குளியலறை முற்றத்தில். நானே எழுதியது. முதலில் நாட்காட்டியில் இருந்து அந்த வரியை எடுத்தேன், பிறகு படத்தை, பிறகு பக்கத்தை. பதிவுத்தளத்திலும் போய் அறைகள் மூன்று என்பதை இரண்டு என்று மாற்றினேன். உண்மையிலேயே அழித்துவிடவா என்று கொம்பியூட்டர் கேட்டது. கண் கலங்கி எழுத்துத் தெரியவில்லை. ஓம் என்று அழுத்தினேன்.